80 மி.மீ. சிலிண்டர் ஹெட்டுக்கு ஓ-ரிங் குரூவ்: ஆழம், அகலம், கேப்

கேள்வி: "80 மி.மீ. போர், 210 பார் ஹைட்ராலிக் சிலிண்டர், மினரல் ஆயில். திரெட் போட்ட ஹெட்டில் 72.62 × 3.53 அளவு என்.பி.ஆர். 70 ஷோர் ஓ-ரிங். ஹெட் வெளிவிட்டம் 79.8, குரூவ் அடி விட்டம் 75.2, அகலம் 4. சில நாளிலேயே ரிங்கின் ஒரு ஓரம் கடித்த மாதிரி பிய்ந்து ஆயில் வெளியே வருகிறது. முதலில் குரூவ் இன்னும் ஆழமாக இருந்தது, இறுக்கம் போதவில்லை என்று ஆழத்தைக் குறைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. பிஸ்டனிலும் ஓ-ரிங்தான். எந்த சீல் போடணும், குரூவ் அளவு என்ன?"

பதில்:

அளவுகளைச் சரியாகக் கொடுத்திருப்பதால் காரணத்தை நேராகவே சொல்லலாம். உங்கள் ஹெட்டில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன. குரூவுக்குள் ரப்பருக்கு இடமே இல்லை. குரூவுக்கு வெளியே இருக்கும் கேப் அளவுக்கு மீறி இருக்கிறது. இறுக்கத்தைக் கூட்டியது முதல் கோளாறை வளர்த்தது, இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டது.

ஓ-ரிங் 210 பாரைத் தாங்குவது நாம் கொடுக்கும் அமுக்கத்தால் என்று நினைக்க வேண்டாம். 3.53 தடிமன் ரப்பரை அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர் நசுக்கினால் கிடைக்கும் அழுத்தம் மிகச் சிறியது. அது அழுத்தமே இல்லாத நேரத்திலும், பம்ப் இப்போதுதான் ஓட ஆரம்பித்த நேரத்திலும் எண்ணெயை நிறுத்தி வைக்கத்தான். அழுத்தம் ஏறியதும் எண்ணெய் குரூவின் ஒரு பக்கமாக உள்ளே வந்து ரிங்கை எதிர்ச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. ரப்பர் கிட்டத்தட்ட திரவம் போல அந்த அழுத்தத்தை எல்லாத் திசையிலும் கடத்தும். ஆகவே ரப்பர் போர் சுவரில் அழுத்தும் அழுத்தம், ஆரம்ப அமுக்கத்தோடு எண்ணெயின் அழுத்தமும் சேர்ந்ததாக இருக்கும். எண்ணெய் 210 பாரில் இருந்தால் ரப்பர் எப்போதும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்திக்கொண்டிருக்கும். அதனால்தான் கசிவு நிற்கிறது.

இதிலிருந்து டிசைனுக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. குரூவின் ஆழம் குறைந்த அழுத்தத்தில் கசியாமல் இருப்பதற்கு. ஹெட்டுக்கும் போருக்கும் நடுவே உள்ள கேப் முழு அழுத்தத்தில் ரப்பர் பிதுங்காமல் இருப்பதற்கு. எனவே சிலிண்டர் 10 பாரில் கசிந்து 200 பாரில் நின்றால் ஆழத்தையும் மேற்பரப்பையும் பாருங்கள். 10 பாரில் காய்ந்திருந்து 200 பாரில் கசிந்தால், அல்லது ரிங் பிய்ந்தால், கேப்பைப் பாருங்கள்.

முதலில் குரூவுக்குள் இருக்கும் இடம். உங்கள் ரிங்கின் உயரத்துக்குக் கிடைப்பது (80 − 75.2) ÷ 2 = 2.4 மி.மீ. அகலம் 4. பரப்பு 9.6 சதுர மி.மீ. 3.53 ரிங்கின் குறுக்குவெட்டு 9.79 சதுர மி.மீ. குரூவில் இழுபட்டு உட்கார்ந்ததும் அது சற்று மெலிந்து ஏறக்குறைய 9.5-க்கு வரும். சுற்றளவையும் சேர்த்துக் கன அளவாகப் போட்டால் ரப்பரும் குரூவும் சமமாகவே இருக்கின்றன, அதாவது நிரப்பு 100 சதவீதம். ரப்பரின் உருவத்தை மாற்றலாம், கன அளவைச் சுருக்க முடியாது. இத்தோடு ஆயிலில் ஊறி அது கொஞ்சம் உப்பும், சூட்டில் இன்னும் கொஞ்சம் விரியும். உள்ளே இடமில்லாத ரப்பர் கிடைத்த ஒரே வழியான கேப்புக்குள் போகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. ரிங் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டு அடைத்துக்கொண்டால், எண்ணெய் பக்கவாட்டில் புகுந்து ரிங்கைத் தள்ளவே வழியில்லாமல் போகும். மேலே சொன்ன வேலையே சரியாக நடக்காது.

நிலையான இடத்துக்கு, அதாவது ரிங்குக்கும் எதிர்ப் பரப்புக்கும் அசைவில்லாத இடத்துக்கு, 3.53 ரிங்கின் உயரம் 2.82 முதல் 2.87-க்குள் இருப்பது நீண்ட காலமாகப் புழங்கிவரும் அளவு. நடுவில் 2.85 எடுத்துக்கொள்ளலாம். அப்போது குரூவ் அடி விட்டம் 80 − 5.7 = 74.3. ஏ.எஸ். 568 வரிசையில் 233-ஆம் எண் ரிங்கின் உள்விட்டம் 72.62. உங்களிடம் இருப்பதும் அதுவே, மாற்ற வேண்டாம். 74.3-இல் அது 2.3 சதவீதம் இழுபடும். நிலையான சீலுக்கு 5 சதவீதம் வரை போகலாம், ஆனால் 1 முதல் 3-க்குள் வைத்தால் ரிங் குரூவில் தொளதொளக்காமலும், அதிகம் மெலியாமலும் இருக்கும். இந்த இழுப்பில் தடிமன் 3.53-இலிருந்து சுமார் 3.49-க்கு இறங்குகிறது. அமுக்கம் (3.49 − 2.85) ÷ 3.49, அதாவது 18 சதவீதம்.

இது காகிதத்தில். லேத்தில் யாரும் 74.300-ஐ அப்படியே எடுப்பதில்லை. அதனால் மோசமான சேர்க்கையில் என்ன ஆகும் என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட டிராயிங்குகள்தான் பத்துக்கு ஒன்று கசியும் சிலிண்டர்களைத் தருகின்றன. போர் எச்8 என்றால் 80.000 முதல் 80.046. குரூவ் அடிக்கு 74.300-இலிருந்து கீழே 0.07 சலுகை கொடுங்கள். ஹெட் வெளிவிட்டம் எஃப்7 என்றால் 79.940 முதல் 79.970. ரிங் தடிமனிலேயே கூடுதல் குறைச்சலாக 0.10 உண்டு. எல்லாம் தளர்வான பக்கம் சேர்ந்து, ஹெட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் மறுபக்கத்தில் உயரம் 2.96, ரிங் 3.39, அமுக்கம் 12 சதவீதத்துக்குச் சற்று மேல். எல்லாம் இறுக்கமான பக்கம் சேர்ந்தால் உயரம் 2.82, ரிங் 3.59, அமுக்கம் 21 சதவீதம். இரண்டு ஓரமும் ஏற்கத்தக்கவை. உங்கள் பழைய அளவில் அமுக்கம் சுமார் 30 சதவீதத்துக்கும் மேலே இருந்தது. அந்த ரிங்கை உள்ளே தள்ளும்போதே மேல்தோல் சீவப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு அளவுத் தவறு அடிக்கடி நடக்கும். குரூவின் ஆழத்தை வெர்னியர் வாலால் ஹெட்டின் வெளிவிட்டத்திலிருந்து அளந்து, அதுதான் ரிங்குக்கான உயரம் என்று எடுத்துக்கொள்வார்கள். ரிங் தொடுவது போரை. ஹெட் போரைவிடச் சிறியது, அந்த வித்தியாசத்தில் பாதி கணக்கிலிருந்து விடுபட்டுவிடும். அடி விட்டத்தை பிளேடு மைக்ரோமீட்டரால் அளந்து, போரிலிருந்து கழித்து, இரண்டால் வகுத்து எடுங்கள்.

அகலத்துக்கு வருவோம். பேக்கப் ரிங் இல்லாமல் என்றால் 4.8. 4.8 × 2.85 குரூவில் சராசரி நிரப்பு 71 சதவீதம், தடித்த ரிங்கும் குறுகிய குரூவும் சேர்ந்தால் சுமார் 75. அந்த 75-இல் ரப்பர் பத்து சதவீதம் உப்பினாலும் 83-ஐத் தாண்டாது. 85-ஐ மேல் எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் சிலிண்டருக்கு நான் பேக்கப் ரிங் இல்லாமல் போடச் சொல்ல மாட்டேன். அதன் காரணம் கேப்பில் இருக்கிறது.

உங்கள் ஹெட் 79.8, போர் 80. விட்டத்தில் கேப் 0.2. ஹெட் எப்போதும் நடுவில் நிற்பதில்லை. திரெட்டின் தளர்விலும் ராடின் பக்கச் சுமையிலும் ஒரு பக்கம் சாய்ந்து, அந்த 0.2 முழுவதும் எதிர்ப் பக்கத்தில் வந்துவிடும். இது அழுத்தம் இல்லாதபோது உள்ள நிலை. அழுத்தம் வந்ததும் பேரலே விரிகிறது. பேரல் வெளிவிட்டம் 95 என்று வைத்துக்கொண்டால், சுவர் 7.5 மி.மீ., 210 பாரில் உள்விட்டம் சுமார் 0.04 மி.மீ. கூடும். இது தடித்த சுவர்க் குழாய்க்கான கணக்கு. ஹெட் இருக்கும் முனைப் பகுதியில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் டிசைனில் முழுசாக எடுத்துக்கொள்வதே நல்லது. மெல்லிய பேரல் என்றால் இன்னும் கூடும். ஆக, வேலை செய்யும்போது ஒரு பக்கம் 0.24 மி.மீ. திறந்திருக்கிறது. 70 ஷோர் ரப்பரைப் பேக்கப் இல்லாமல் நம்பக்கூடிய எல்லை, கேப் நன்றாக இருக்கும்போதே, 100 பார் அளவில் முடிந்துவிடும்.

கடித்த மாதிரி பிய்வது எப்படி நடக்கிறது என்றால், அழுத்தம் ஏறும்போது பேரல் விரிந்து கேப் திறக்கிறது. ரப்பரின் விளிம்பு சிறிது உள்ளே நுழைகிறது. வால்வு திரும்பி அழுத்தம் இறங்கும்போது பேரல் சுருங்கி அந்த விளிம்பைக் கவ்வுகிறது. ரிங் குரூவுக்குத் திரும்பப் பார்க்கும், கவ்விய பகுதி அறுந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துணுக்கு. கழற்றிய ரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிதைவு முழுவதும் காற்றுப் பக்க ஓரத்தில் மட்டும் இருக்கும், எண்ணெய்ப் பக்கம் புதுசு போல வழவழப்பாக இருக்கும். சுற்றளவில் ஒரு பாதியில் மட்டும் பிய்ந்திருந்தால் ஹெட் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் அதே காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே புது ஹெட் கடையுங்கள், வெளிவிட்டம் 79.94 முதல் 79.97. அதிகபட்சக் கேப் விட்டத்தில் 0.106, பேரல் விரிவோடு 0.15. அதோடு ஒரு பி.டி.எஃப்.இ. பேக்கப் ரிங். 1.4 மி.மீ. தடிமன் பேக்கப் என்றால் குரூவ் அகலம் 4.8 + 1.4 = 6.2, மேலே 0.2 சலுகை. பேக்கப் ரிங் குரூவுக்குள் இருந்தபடியே கேப்பின் வாயை அடைத்துக்கொள்ளும், ரப்பருக்கு நுழைய இடம் இருக்காது. இதன் ஆர உயரமும் உங்கள் 2.85 குரூவுக்கு ஏற்றதா என்று வாங்கும்போது பாருங்கள். வேறு குரூவுக்கான குட்டைப் பேக்கப் போட்டால் அதன் தலைக்கு மேலேயே ரப்பர் வழிந்து போகும்.

அது எந்தப் பக்கம் என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். எண்ணெய் தள்ளும் திசையில், ஓ-ரிங்குக்கு அப்பால். உங்கள் ஹெட்டில் எண்ணெய் உள்ளே, காற்று வெளியே, எனவே பேக்கப் வெளிப்பக்கம். ஒரு முகம் குழிவாக இருக்கும் வகை என்றால் குழிவு ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும். அசெம்பிளி செய்பவர் மாற்றிப் போட்டுவிடுவார் என்ற பயம் இருந்தால் அகலம் 7.6 வைத்து இரண்டு பக்கமும் பேக்கப் போட்டுவிடுங்கள். செலவு சிறியது, தவறுக்கு வாய்ப்பே இருக்காது.

90 ஷோர் ரிங் போட்டால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். பிதுங்குவது குறையும், உண்மை. ஆனால் கடினமான ரப்பர் கடைசல் கோடுகளுக்குள் அவ்வளவாக இறங்காது, குறைந்த அழுத்தத்தில் மெல்லிய ஈரம் கசியும், ஏற்றுவதற்கும் முரடு. ஹெட்டுக்கு 70 ஷோரும் பேக்கப்பும்தான் என் தேர்வு. புது ஹெட் வரும்வரை பழையதை ஓட்டியாக வேண்டும் என்றால் குரூவை 74.3-க்கும் 7.6-க்கும் வெட்டி, 90 ஷோரோடு இரண்டு பேக்கப் போட்டு ஓட்டலாம். 0.2 கேப்பில் அதை நிரந்தரத் தீர்வாக எடுக்காதீர்கள். வெட்டுவதற்கு முன் குரூவுக்கு இரு பக்கமும் போதுமான உலோகம் மிஞ்சுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குரூவ் அடி மூலைகளில் ரேடியஸ் 0.25 முதல் 0.5, மேல் விளிம்புகளில் பர் எடுத்து 0.1 முதல் 0.2 மழுக்குங்கள். கூர்மையாக விட்டால் விளிம்பே கத்தி. அடியும் போரும் ஆர்.ஏ. 1.6 மைக்ரானுக்குள், பக்கச் சுவர் 3.2 வரை போகலாம்.

ஏற்றும் வழியையும் கணக்கில் எடுங்கள், ஏனென்றால் திரெட் ஹெட்டில் ரிங் பாதிச் சேதம் அடைவது இங்கேதான். 74.3-இல் உட்கார்ந்த ரிங் வெளியே 81.3 வரை துருத்திக்கொண்டு நிற்கும், தடித்த ரிங் என்றால் 81.5. பேரலின் உள்திரெட் எம்85 × 2 என்றால் அதன் உச்சிகளின் விட்டம் சுமார் 82.8, ரிங் தொடாமல் தாண்டிவிடும். எம்82 × 2 போட்டிருந்தால் உச்சி சுமார் 79.8, போரைவிடவே சிறியது, ஹெட்டே உள்ளே போகாது. எம்83 × 2 என்றால் ஹெட் போகும், ஆனால் ஒவ்வொரு பல்லும் ரிங்கைச் சீவும். திரெட் முடிந்து போர் தொடங்கும் இடத்தில் 82 விட்டத்திலிருந்து 80-க்கு 20 டிகிரி சாய்வில் சாம்ஃபர், நீளம் 2.75 மி.மீ. வரும். வாய் விட்டம் 81.5-க்கு மேல் இருப்பதுதான் இதில் முக்கியம். 45 டிகிரியில் அரை மில்லி உடைத்துவிட்டால் ரிங் சரிவில் அமுங்காது, விளிம்பில் முட்டி அறுபடும். ரிங் போகும் வழியில் போர்ட் துளை இருந்தால் அதன் உள்விளிம்பையும் மழுக்குங்கள். அறுபட்ட ரிங்கில் மெல்லிய பிறை வடிவத்தில் தோல் சீவியிருக்கும், பிதுங்கிய பிய்வு போலச் சொரசொரப்பாக இருக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான இடத்தைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

பிஸ்டனுக்கு வருகிறேன். அங்கே ஓ-ரிங்கை எடுத்துவிடுங்கள். நீளமான ஸ்ட்ரோக்கில் ரிங்கின் ஒரு பகுதி வழுக்கும், இன்னொரு பகுதி உருளும், ரிங் கயிறு முறுக்கியது போல முறுக்கிக்கொள்ளும். மேற்பரப்பில் சுமார் 45 டிகிரி சாய்வில் சுற்றிச் சுற்றி வெட்டு விழுந்திருந்தால் இதுதான் காரணம், வேறு எதையும் தேட வேண்டாம். இரு பக்கமும் அழுத்தம் வரும் பிஸ்டனுக்கு வெண்கலம் கலந்த பி.டி.எஃப்.இ. வளையமும், அதன் அடியில் அதைத் தள்ளிப் பிடிக்கும் ஓ-ரிங்கும் கொண்ட சீல் நல்லது. உராய்வு குறைவு, வேகம் தாங்கும். ஒரு குறை, அது சொட்டுக்கூட விடாத சீல் அல்ல. சுமையைத் தூக்கி மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கும் சிலிண்டர் என்றால் பாலியூரிதேன் யு-கப் இரண்டை முதுகோடு முதுகாகவோ, கச்சிதப் பிஸ்டன் சீலோ போடுங்கள். ராடுக்கு பாலியூரிதேன் யு-கப், வாய் எண்ணெய்ப் பக்கம் பார்த்து, வெளியே தூசியைத் தடுக்க வைப்பர். இரண்டு இடத்திலும் கைடு ரிங் கட்டாயம். பக்கச் சுமையைச் சீலே சுமந்தால் எந்தச் சீலும் நிற்காது. இந்தக் குரூவ்களுக்கு ஓ-ரிங் கணக்கு செல்லாது, வாங்கும் சீலின் கேட்லாக் அளவை அப்படியே போடுங்கள்.

பிஸ்டனும் ராடும் சேரும் இடத்தில் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கும், பலர் மறந்துவிடுவது அதைத்தான். அது நிலையான சீல், ஆனால் இரு பக்கமிருந்தும் அழுத்தம் வரும், எனவே இரண்டு பேக்கப் வேண்டும். பிஸ்டன் சீலைப் புதுசாக மாற்றிய பிறகும் சுமை மெல்ல இறங்கினால், அடுத்து பார்க்க வேண்டியது அந்த ரிங்கை.

ரப்பர் வகையில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. மினரல் ஆயில், எண்ணெய் 100 டிகிரிக்குள் என்றால் என்.பி.ஆர். போதும். அதற்கு மேல் நிரந்தரமாகப் போனால் எஃப்.கே.எம். இ.பி.டி.எம். ரிங்கை மட்டும் மினரல் ஆயிலுக்குள் விட்டுவிடாதீர்கள். பார்க்க ஒரே கறுப்பு, உள்ளே போனால் உப்பி, மெத்தென்று ஆகி, குரூவை அடைத்து நாசமாகிவிடும். அது பாஸ்பேட் எஸ்டர் திரவத்துக்கானது.

சேர்த்து முடித்ததும் ரிங்கில் ஆயில் தடவி ஏற்றியிருக்கிறீர்கள் என்றால், முதலில் 5 முதல் 10 பாரில் சில நிமிடம் நிறுத்தி ஹெட் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். அது காய்ந்திருந்தால் அமுக்கம் சரி. பிறகு 210-க்கு ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் கவ்வும் சேதம் தெரியாது. சில மாதம் ஓடிய பிறகு திறக்க நேர்ந்தால், கழற்றிய ரிங்கின் தடிமனை அமுங்கிய திசையில் அளந்து வையுங்கள். 3.53 ரிங், 2.85 குரூவிலிருந்து எடுத்து ஓய்ந்த பிறகு 3.05-தான் இருக்கிறது என்றால் (3.53 − 3.05) ÷ (3.53 − 2.85) = 71 சதவீதம் நிரந்தரமாக அமுங்கிவிட்டது. குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் சதுரமாகத் தெரியும், வளைத்தால் கடினமாக இருக்கும். அந்த ரிங் குளிர்ந்த காலையில், அழுத்தம் இல்லாதபோது முதலில் கசியும். ஓரம் பிய்யாமல் இப்படிச் சதுரமானால் கேப்பில் குறையில்லை, எண்ணெய் சூட்டைத்தான் பார்க்க வேண்டும்.